தோற்காத டெஸ்ட் எதற்கு?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் மிஷன், விஷன், பர்ப்பஸ் என்று மூன்று வாக்கியங்கள் மாட்டியிருந்தார்கள். தலைப்புகளை மாற்றி மாட்டியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றும் ஒன்றல்ல. மிஷன் என்பது தினமும் செய்கிற வேலை. விஷன், போய்ச் சேர வேண்டிய இடம். மேஜைக்கு மேஜை, வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் என்று மைக்ரோசாஃப்ட் ஆரம்பத்தில் சொன்னதை மிஷன் என்பார்கள். என்னைக் கேட்டால் அது விஷன். பணக்கார நாடுகளில் அது ஏறக்குறைய நடந்தும்விட்டது. பர்ப்பஸ் அப்படி முடிந்துபோகாது. எதற்காக இந்தக் கடை என்பதற்கான பதில் அது.

சரி, அது நிஜமா, அலங்காரமா? எப்போதுமே பாஸ் ஆகிற டெஸ்ட்டை நாங்கள் நம்ப மாட்டோம். அதேபோல, லாபம் தரும் எதையும் வேண்டாம் என்று சொல்ல வைக்காத பர்ப்பஸையும் நான் நம்புவதில்லை.

அமெரிக்க மருந்துக்கடை நிறுவனம் சி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொள்வோம். மக்கள் ஆரோக்கியமாக வாழ உதவுவதுதான் தன் பர்ப்பஸ் என்றது. ஆனால் அதன் கடைகளில் சிகரெட்டும் விற்றது! 2014 பிப்ரவரியில் இனி புகையிலை விற்பதில்லை என்று அறிவித்து, செப்டம்பருக்குள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கூடவே சி.வி.எஸ். ஹெல்த் என்று பெயர் மாற்றம். வருடத்துக்குச் சுமார் 200 கோடி டாலர் விற்பனை போகும் என்பது அவர்களே சொன்ன கணக்கு.

தியாகம்னு உடனே கைதட்ட வேண்டாம். மொத்த விற்பனையில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. கடைக்குள்ளேயே கிளினிக் நடத்திக்கொண்டு, மருத்துவமனைகளோடு கூட்டுச் சேரப் போகிறவர்களுக்கு சிகரெட் தர்மசங்கடம். வியாபாரக் கணக்கும் இருந்தது. இருந்தால் தப்பில்லை என்பேன். பர்ப்பஸும் தொழிலும் ஒரே பக்கம் இழுத்தால்தான் முடிவு நிலைக்கும். போட்டிக் கடையான வால்கிரீன்ஸ் அப்போது சிகரெட்டை நிறுத்தவில்லை. ஆக, அது எல்லோரும் எடுத்திருக்கக்கூடிய முடிவு இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஓபியாய்டு வலி நிவாரணிகளுக்கான சந்தேகத்துக்குரிய மருந்துச் சீட்டுகளையும் கண்டுகொள்ளாமல் மருந்து கொடுத்தார்கள் என்று இதே நிறுவனத்தின் மேல் வழக்குகள். 2022-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, சுமார் 500 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சம்மதித்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சிகரெட்டை நிறுத்தத் தலைமையிலிருந்து ஒரு உத்தரவு போதும், பேப்பரிலும் வரும். மருந்துச் சீட்டை மறுக்க வேண்டியவரோ கவுன்டரில் நிற்கிற பார்மசிஸ்ட். பின்னால் க்யூ நிற்கும், எதிரே இருப்பவர் கத்துவார், நிஜமாகவே வலியில் துடிப்பவராகவும் இருக்கலாம். அவர் மறுத்தால் மேனேஜர் அவர் பக்கம் நிற்பாரா என்பது எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது.