இருவர், ஒருவர், பிறகு?

தலைகீழான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வரியும் நம் சுவர்களிலும் லாரிகளின் பின்புறத்திலும் பல காலம் சேர்ந்தே இருந்தவை. 1960களில் பிரசாரம் முதலில் சொன்னது ‘இரண்டு அல்லது மூன்று குழந்தைகள் போதும்’ என்பதைத்தான். அது அறிவுரை, வாயில் நிற்காது. ‘இருவர்’ வரி நின்றதென்றால், அப்பா அம்மா இருவருக்கு ஈடாகப் பிள்ளைகள் இருவர் என்ற கணக்கு அதைச் சொல்லும்போதே முடிந்துவிடுவதால்தான்.

பிற்பாடு அது ‘நாம் இருவர், நமக்கு ஒருவர்’ ஆயிற்று. மாறியது ஒரு சொல், எதுகைகூடக் கெடவில்லை. பழைய வரியின் அடையாளத்தை இவ்வளவு சிக்கனமாகப் புதியதற்கு மாற்றிக்கொடுத்த உதாரணங்கள் குறைவு. ஆனால் ஈடு என்ற நியாயம் அதில் போய்விட்டது. ஏன் ஒருவர் என்று கேட்டால் வரியிடம் பதில் இல்லை. ‘நாமே குழந்தை, நமக்கேன் குழந்தை’ என்ற கிண்டல் கிளம்பியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். கிண்டலடிக்கிறார்கள் என்றால் வரியின் சட்டகம் உயிரோடிருக்கிறது, செய்தி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

பெயரை மட்டும் மாற்றிப் பார்த்ததும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளால் கெட்ட பெயர் வாங்கிய திட்டத்துக்கு 1977இல் ‘குடும்ப நலம்’ என்று பெயர் சூட்டினார்கள். பலகைகள் மாறின. ஊரில் இன்றும் அது ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்’தான்.

இப்போது எண்ணே பழசாகிவிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 1992–93இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 குழந்தை, 2019–21இல் 1.8. மக்கள்தொகை குறையாமலிருக்க வேண்டிய அளவு சுமார் 2.1. தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையுமோ என்ற கவலையில், சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று 2025இல் முதல்வரே சொன்னார். ‘ஒருவர்’ இருந்த இடத்தில் மறுபடி ‘இருவர்’, ‘மூவர்’ என்று எழுதிவிடலாமே என்ற ஆசை இங்கே வரும். வேண்டாம். எழுதினால், எத்தனை பெறுவது என்பதை அரசு மறுபடியும் சுவரில் அறிவித்ததாகத்தான் ஆகும்.

இந்த வரியின் பெரிய குறையும் அதன் எண்ணிலேயே இருக்கிறது. எத்தனை என்று சொல்லும் வரி, எப்போது என்பதையும் எவ்வளவு இடைவெளி என்பதையும் பேசுவதில்லை; எண் முடிந்ததும் நிறுத்து என்பதே அதில் மிஞ்சுகிறது. அதே 2019–21 ஆய்வில் தமிழ்நாட்டின் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அப்படிச் செய்துகொண்டவர்கள் மிகச் சொற்பம். ‘நாம்’ என்று தொடங்கிய வரிக்கு இது நல்ல பெயர் இல்லை.

ஆகவே வரியை ஓய்வு பெறச் செய்யலாம். முக்கோணம் இருக்கட்டும். அதில் எண் இல்லை. இங்கே கருத்தடைச் சேவை கிடைக்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது. ஒன்றோடு நிறுத்துபவருக்கும் மூன்றாவதைத் தள்ளிப்போடுபவருக்கும் அது வேண்டியிருக்கிறது.