விழுந்தது மரமா, மணிக்கூண்டா?

ஆசிரமத்துக்கு வெளியே பெரிய மரங்களின் நிழலில்தான் தினமும் நடக்கிறேன். ஒருநாள் தலையில் மரம் விழுந்தால் யார் பொறுப்பு? தேடிப்போனபோது கிடைத்தது உச்ச நீதிமன்றத்தின் 1997 தீர்ப்பு: ராஜ்கோட் மாநகராட்சி எதிர் மஞ்சுளாபென்.

1975இல் ராஜ்கோட்டில் நடந்து போன ஒருவர் மேல் சாலையோர மரம் விழுந்து அவர் இறந்துபோனார். மனைவி வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் 45,000 ரூபாய் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், மாநகராட்சிக்கு அவர் மீது 'கவனக் கடமை'யே கிடையாதாம்.

இது எங்கிருந்து வந்தது? 1932இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில், பாட்டிலில் நத்தை கிடந்த வழக்கில், ஆட்கின் பிரபு 'அயலார் கோட்பாட்டை'ச் சொன்னார். என் செயலால் யார் பாதிக்கப்படலாம் என்று நியாயமாக ஊகிக்க முடியுமோ, அவர் என் அயலார். ஆனா ஊகிக்க முடிவது மட்டும் போதும்னா பொறுப்புக்கு எல்லையே இருக்காது. அதனால் 1990இல் கபாரோ வழக்கில் நெருக்கமான உறவும், கடமையைச் சுமத்துவது நியாயம்தானா என்ற கேள்வியும் சேர்ந்தன. கூடவே முக்கியமான ஒன்றையும் சொன்னார்கள்: சட்டம் ஏற்கெனவே தீர்ந்த வழக்குகளை ஒட்டி, படிப்படியாகத்தான் வளரணும்.

ராஜ்கோட் தீர்ப்பில் எனக்கு இடிப்பது இங்கேதான். கபாரோவின் 'நியாயமா' என்ற கேள்விக்கு அது நிறைய இடம் தருகிறது. பக்கத்திலேயே இருந்த படியையோ சுலபமாகத் தாண்டிப் போகிறது. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்தது. கட்டி 80 வருஷம் ஆகியிருந்தது; அதன் சாந்துக்கு ஆயுள் 40, 45 வருஷம்தான். 1966இல் உச்ச நீதிமன்றம், சாலையை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளருக்குத் தனிப் பொறுப்பு உண்டு, குறை வெளியே தெரியலைன்னு சொல்லித் தப்பிக்க முடியாது என்றது. மரம் இயற்கையானது, கட்டடம் மனிதன் கட்டியது என்று 1997இல் பிரித்துவிட்டார்கள்.

வித்தியாசம் உண்மைதான். ஆனா அது எந்தக் கேள்விக்குப் பதில்? மரம் உள்ளே உளுத்திருப்பதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பது, கடமை மீறப்பட்டதா என்ற கேள்விக்கான பதில். கடமை இருக்கா என்ற கேள்விக்கு இல்லை. லண்டனில் காரின் மேல் எல்ம் மரம் விழுந்த காமினர் வழக்கை 1950இல் இங்கிலாந்தில் அப்படித்தான் தீர்த்தார்கள். நிலத்தை வைத்திருப்பவருக்குக் கடமை உண்டு. வெளியே நோய் அறிகுறி எதுவும் தெரியாததால் அவர் அதை மீறவில்லை. அங்கேயும் இழப்பீடு கிடைக்கலை.

முடிவு ஒன்றுதானே என்று தோணலாம். கடமை உண்டு என்றால், அடுத்த வழக்கில் "அடிமரத்தில் காளான் முளைத்திருந்ததே, யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்கலாம். கடமையே இல்லை என்றால் அந்தக் கேள்விக்கு முன்னாடியே கதவு சாத்தப்படுகிறது. 2018இல் ராபின்சன் வழக்கில் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம், கபாரோவை எல்லா வழக்குக்கும் மூன்று கேள்விச் சோதனையாகப் பயன்படுத்துவது தவறு, தீர்ந்த வகைகளில் இருந்துதான் தொடங்கணும் என்று தெளிவாக்கியது. நம்மிடம் தீர்ந்த வகையாக அந்த மணிக்கூண்டு இருந்தது.