இருக்கை வரைபடமும் டிக்கெட் கவுண்டரும்

கதிரும் அன்வரும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள். நுழைவுத் தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. மற்ற பாடங்கள் எப்படியோ ஓடுகின்றன. அணிகள் மட்டும் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு மாலைக் காட்சிக்குப் போகிறார்கள். டிக்கெட்டில் C4, C5 என்று இருக்கிறது. படம் தொடங்கிவிட்ட இருட்டில் கதிர் நேராக நான்காம் வரிசையின் மூன்றாம் இருக்கைக்குப் போய் நிற்கிறான். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர், "தம்பி, இது D3" என்கிறார். அன்வர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறான். "டேய், C-ன்னா மூணாவது வரிசைடா. முதல்ல வரிசை, அப்புறம்தான் சீட்டு." இடைவேளையில் கைப்பேசியில் இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்க்கும்போது இருவருக்கும் பொறி தட்டுகிறது. கட்டம் கட்டமாக விரியும் இந்தப் படம்தான் அணி. C4 என்பதுதான் a₃₄. கதை அங்கே முடிகிறது.

அணிகள் பாடத்தைத் தொடங்க வகுப்பறையில் சொல்லப்படும் கதைகளில் இது ஒரு வகை. நானும் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள், கேட்கிறார்கள், முதல் பயிற்சியைச் சரியாகச் செய்கிறார்கள். மூன்றாம் பயிற்சியில் தடுமாறுகிறார்கள். அதனால் கதை பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. எந்த இடம் வரை அது உண்மையாகக் கற்பிக்கிறது, எந்த இடத்தில் கற்பிப்பதுபோலத் தோன்ற மட்டும் செய்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பலம். அணியின் உறுப்பை aᵢⱼ என்று எழுதும்போது முதல் எண் நிரையை, அதாவது கிடையாக ஓடும் வரியைக் குறிக்கும். இரண்டாம் எண் நிரலை, மேலிருந்து கீழாக இறங்கும் வரியைக் குறிக்கும். இது ஒரு மரபு. ஏன் இப்படி என்று கேட்டால் சொல்வதற்குக் காரணம் இல்லை, பழக வேண்டியதுதான். காரணமில்லாத மரபைத்தான் மாணவர்கள் தேர்வறையில் மறக்கிறார்கள். aᵢⱼ = i − 2j என்று கொடுத்து அணியை எழுதச் சொன்னால், a₁₂ இருக்க வேண்டிய −3-ஐ a₂₁ இருக்கும் இடத்தில் போட்டுவிடுவார்கள். கதையில் இந்தத் தவறுக்கு உடனடித் தண்டனை இருக்கிறது: எண்ணை மாற்றிப் படித்தால் வேறொருவர் மடியில் போய் உட்கார நேரிடும். a₃₄ வேறு, a₄₃ வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

கூட்டலுக்கும் கதை நன்றாகவே உதவும். விற்ற இருக்கைக்கு 1, காலி இருக்கைக்கு 0 என்று போட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அணி கிடைக்கும். பகல் காட்சி அணியையும் மாலைக் காட்சி அணியையும் கூட்டினால், 2 வந்த இருக்கை இரண்டு காட்சியிலும் விற்றது, 0 வந்தது இரண்டிலும் காலி. கூட்டுவதற்கு இரு அணிகளும் ஒரே அளவில் ஏன் இருக்க வேண்டும் என்பதும் இங்கே தானாகப் புரியும். பத்து நிரையும் பன்னிரண்டு நிரலும் கொண்ட அரங்கில் 120 இருக்கைகள். எட்டு நிரையும் பதினைந்து நிரலும் கொண்ட அரங்கிலும் 120 இருக்கைகள்தான். ஆனாலும் ஒன்றன் வரைபடத்தை மற்றதன்மேல் பொருத்த முடியாது.

பலவீனம் பேச்சிலேயே தொடங்குகிறது. தியேட்டரில் நாம் 'வரிசை' என்று சொல்வது பாடநூலின் நிரை. பாடநூலோ அணியின் அளவை, அதாவது 10 × 12 என்பதை, 'வரிசை' என்கிறது. "முதல்ல வரிசை, அப்புறம்தான் சீட்டு" என்ற அன்வரின் அழகான வசனத்தை அப்படியே மனத்தில் பதித்துக்கொண்ட மாணவன், "இந்த அணியின் வரிசை என்ன?" என்ற கேள்விக்கு நிரைகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதுகிறான். ஆங்கில வழியில் படிப்பவனுக்கு இந்தக் குழி இல்லை. தமிழில் கதை சொல்பவர் தாமே தோண்டுவது. அன்வரின் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. கதை முடிந்ததும் கரும்பலகையில் 'தியேட்டர் வரிசை = நிரை' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அரங்கமும் எப்போதும் ஒத்துழைப்பதில்லை. சில அரங்குகளில் A திரைக்கு அருகில்; சிலவற்றில் கடைசியில். I என்ற எழுத்து 1 என்ற எண்ணோடு குழம்பும் என்று அதை விட்டுவிடும் அரங்குகளில் J பத்தாவது நிரையாக இல்லாமல் ஒன்பதாவதாகிவிடும். முன் நிரையில் பத்து இருக்கை, பின் நிரையில் பதினான்கு என்று விரியும் அரங்கு அணியே ஆகாது. இவையெல்லாம் சில்லறைக் குறைகள். வகுப்பில் இவற்றைச் சொல்லி, எது அணி, எது அணியல்ல என்று பேசவே பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெரிய குறை பெருக்கலில் இருக்கிறது. அணி என்றால் இருக்கை அட்டவணை என்று ஒருவன் நம்பிவிட்டால், இரண்டு அட்டவணைகளைப் பெருக்கு என்றதும் அவன் கை தானாகச் செய்வது ஒன்றுதான்: கூட்டலில் செய்ததுபோல் ஒத்த இடங்களைப் பெருக்குவது. கதை அந்தத் தவறைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது. ஒரு மாணவன் இந்தக் குழியில் விழுந்திருக்கிறானா என்று அறிய இரண்டே அணிகள் போதும்.

```
A = | 1  2 |      B = | 0  1 |
    | 3  4 |          | 1  0 |
```

ஒத்த இடங்களைப் பெருக்குபவன் முதல் நிரையில் 0, 2 என்றும் இரண்டாம் நிரையில் 3, 0 என்றும் எழுதுவான். சரியான AB-யில் முதல் நிரை 2, 1; இரண்டாம் நிரை 4, 3. இந்த விடையை இருக்கையாகப் படித்துப் பாருங்கள். நான்கு பேரும் தங்கள் நிரையிலேயே இருந்துகொண்டு பக்கத்து இருக்கைக்கு மாறியிருக்கிறார்கள். BA-யைக் கணக்கிட்டால் முதல் நிரை 3, 4. இரண்டாம் நிரை 1, 2. இப்போது முன் நிரையும் பின் நிரையும் இடம் மாறிவிட்டன. வலப்பக்கம் பெருக்கினால் நிரல்கள் மாறுகின்றன, இடப்பக்கம் பெருக்கினால் நிரைகள் மாறுகின்றன. AB-யும் BA-யும் ஏன் வேறு என்பது இருக்கையிலேயே தெரிகிறது. ஆக, இருக்கை வரைபடத்தால் பெருக்கலைக் காட்டவே முடியாது என்பதில்லை. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

அணிக்கோவைக்கு வரும்போது வரைபடம் முழுதாகக் கைவிடுகிறது. 1-ம் 0-மாக நிரம்பிய அரங்கின் அணிக்கோவை −3 என்றால், படம் பார்க்க வந்தவர்களைப் பற்றி அது என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. நேர்மாறும் அப்படியே. ஆனால் தேர்வில் மதிப்பெண் இருப்பது அங்கேதான். இந்தக் கைவிடுதலுக்கு வரலாற்றிலேயே காரணம் உண்டு. அணிக்கோவைகள் அணிகளைவிட மூத்தவை. சமன்பாடுகளைத் தீர்க்கும் தம் விதியை கிரேமர் 1750-இல் வெளியிட்டார். அணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை சில்வெஸ்டர் சூட்டியது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, 1850-இல். கருப்பை என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. அணிக்கோவைகள் அதிலிருந்து பிறப்பதாக அவர் எண்ணினார். அணிகளின் இயற்கணிதத்தை கெய்லி விரிவாக எழுதியது 1858-இல். அட்டவணையைப் பார்த்து ரசித்து யாரும் அணிக்கு வரவில்லை. சமன்பாட்டைத் தீர்க்கப் போய்த்தான் வந்தார்கள்.

எனவே கதிரையும் அன்வரையும் இருக்கையிலிருந்து எழுப்பி, டிக்கெட் கவுண்டருக்கு அழைத்துப் போவதே என் யோசனை. கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்தவை இரண்டு: எத்தனை டிக்கெட் போயிற்று, எவ்வளவு வசூல். பகல் காட்சியில் பால்கனி 20, முதல் வகுப்பு 50. வசூல் 8,000 ரூபாய். மாலைக் காட்சியில் பால்கனி 60, முதல் வகுப்பு 80. வசூல் 17,000 ரூபாய். டிக்கெட் விலை என்ன?

```
| 20  50 | | x |   |  8000 |
| 60  80 | | y | = | 17000 |
```

இங்கே பெருக்கல் விதியை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு காட்சியின் எண்ணிக்கைகளை அந்தந்த விலையால் பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வசூலுக்கு வேறு வழியே கிடையாது. நிரையை நிரலால் பெருக்குவது என்பது அதுதான். ஒத்த இடங்களைப் பெருக்க நினைப்பவனுக்கு ஒத்த இடமே கிடைக்காது. எண்ணிக்கை அணியின் அணிக்கோவை 20 × 80 − 50 × 60, அதாவது −1400. அது பூச்சியமில்லை. எனவே நேர்மாறு உண்டு, விடையும் ஒன்றே ஒன்று: பால்கனி 150, முதல் வகுப்பு 100.

இப்போது மாலைக் காட்சியை விட்டுவிட்டு இரவுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். பால்கனி 40, முதல் வகுப்பு 100, வசூல் 16,000. அணிக்கோவை 20 × 100 − 50 × 40 = 0. விலை 150-ம் 100-ம் ஆக இருக்கலாம். 100-ம் 120-ம் ஆகவும் இருக்கலாம். 200, 80 என்று வைத்தாலும் இரண்டு காட்சியின் வசூலும் சரியாக வருகிறது. இரவுக் காட்சி என்பது பகல் காட்சியின் இரண்டு மடங்கு மட்டுமே. புதிதாக எதையும் அது சொல்லவில்லை. பூச்சியம் என்ற அணிக்கோவை இதைத்தான் எச்சரிக்கிறது. இரவு வசூல் 15,000 என்று எழுதியிருந்தால்? எந்த விலையும் பொருந்தாது. கணக்கில் எங்கோ ஆயிரம் ரூபாய் விழுந்திருக்கிறது. ஒரே தீர்வு, எண்ணற்ற தீர்வுகள், தீர்வே இல்லை என்று பன்னிரண்டாம் வகுப்பு நூலின் முதல் இயல் பேசும் மூன்று நிலைகளும் ஒரே கவுண்டரில் கிடைத்துவிடுகின்றன.

கவுண்டருக்கும் எல்லை உண்டு. எல்லா அணிக்கோவை விதிகளையும் அதனால் விளக்க முடியாது. டிக்கெட் எண்ணிக்கை அணி ஒன்றை இன்னொரு டிக்கெட் எண்ணிக்கை அணியால் பெருக்கினால் வருவது எதையும் குறிக்காது. அந்த இடத்தில் கதையை மடித்து வைத்துவிட்டுக் குறியீட்டோடு நேராக மல்லுக்கட்டத்தான் வேண்டும். தேர்வறையில் ஒவ்வொரு கணக்குக்கும் தியேட்டரை நினைத்துக்கொண்டிருக்கவும் நேரம் இருக்காது. கதை ஏறுவதற்கான படி. ஏறிய பிறகும் அதைத் தலையில் சுமக்கக் கூடாது.

இந்தக் கதையின் எந்த வரி கற்பித்தது என்று திரும்பிப் பார்த்தால், "தம்பி, இது D3" என்ற வரிதான். ஒன்று தவறிப்போனதால் ஒன்று விளங்கியது. அதன் பிறகு கதையில் யாரும் தவறவில்லை; அதனால் எதுவும் விளங்கவுமில்லை. இடைவேளையில் பொறி தட்டுவதோடு நிறுத்தாமல், படம் முடிந்து வெளியே வரும் இருவரிடமும் இரண்டு காட்சிகளின் கணக்குச் சீட்டைக் கொடுங்கள். இம்முறை தவறுவது அன்வராக இருக்கட்டும். பகல் காட்சியையும் இரவுக் காட்சியையும் வைத்துக்கொண்டு அவன் விலையைத் தேடட்டும், 150-ம் 100-ம் என்று அடித்துச் சொல்லட்டும். கதிர் 200-ம் 80-ம் போட்டுக் காட்டட்டும்.