ஒட்டிய தலையும் ஒட்டாத நிறமும்

குடும்பப் படத்தில் இல்லாத ஒருவரை வேறு படத்திலிருந்து வெட்டிக் கொண்டுவருவது இப்போது பெரிய வேலையே இல்லை. போனில் விரலை அழுத்திப் பிடித்தால் ஆள் பின்னணியிலிருந்து தனியாகக் கழன்று வந்துவிடுகிறார். தொல்லை அதற்கு அப்புறம்தான். பக்கத்தில் நிற்கும் தம்பியைவிட அண்ணன் தலை பெரிதாக இருக்கும். எல்லோரும் காலை வெயிலில் மஞ்சளாக நிற்க, அவர் மட்டும் நீலம் பூத்து நிற்பார். எது தப்பு என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் "இவன் ஒட்டினவன்" என்பதைச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

இந்தப் பிற்பாதி வேலைக்கு ஃபோட்டோபீ எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். photopea.com என்று பிரவுசரில் அடித்தால் திறக்கும் இலவச எடிட்டர் இது. ஃபோட்டோஷாப் பழகிய கைக்கு மெனுக்கள் அப்படியே இருக்கும். படங்கள் எந்த சர்வருக்கும் போவதில்லை, எல்லாம் நம் கணினியிலேயே நடக்கிறது. வீட்டுப் பெண்கள், குழந்தைகள் இருக்கும் படத்துக்கு இது சாதாரண விஷயமில்லை.

சோதனைக்குக் கிடைத்தது தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் எடுத்த அறுபதாம் கல்யாணப் படம். அப்பாவும் அம்மாவும் நாற்காலியில், பின்னால் இளைய மகனும் மருமகளும். துபாயில் இருக்கும் மூத்தவர் வரவில்லை. அவர் பால்கனியில் எடுத்து அனுப்பிய படம் இருந்தது. அம்மாவைப் பெற்ற பாட்டியையும் சேர்க்க வேண்டுமாம். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. கையில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளை பாஸ்போர்ட் சைஸ் படம்.

முதலில் தலை அளவு. கண்ணால் பார்த்து இழுத்து இழுத்துச் சரிசெய்வதுதான் எல்லோரும் செய்வது, தவறுவதும் அங்கேதான். தலைமுடி ஒருவருக்குப் புதர், இன்னொருவருக்கு வழுக்கை. உச்சியிலிருந்து அளந்தால் கணக்கு தப்பும். கண்மணியின் நடுவிலிருந்து தாடை நுனி வரை அளக்க வேண்டும். ஃபோட்டோபீயில் Rectangle Select எடுத்து அந்த உயரத்துக்குக் கட்டம் இழுத்தால் Info பலகையில் பிக்சல் கணக்கு தெரியும். தம்பிக்கு 150 பிக்சல் வந்தது. அண்ணனின் பால்கனிப் படத்தில் 410. 150-ஐ 410-ஆல் வகுத்தால் 36.6 விழுக்காடு. File மெனுவில் Open & Place கொடுத்து அண்ணனைக் கொண்டுவந்து, Free Transform-இல் அந்த எண்ணுக்குச் சுருக்கினேன். குறுக்குவிசை இங்கே Alt+Ctrl+T. Ctrl+T அடித்தால் பிரவுசரில் புதுத் தாவல் திறந்து கடுப்பேற்றும்.

அளவுக்கு ஏன் தம்பியை எடுத்தேன், அப்பாவை எடுக்கவில்லை? அப்பாவுக்குக் கண் முதல் தாடை வரை 172 பிக்சல். அவர் தலை மகன் தலையைவிடப் பெரிது என்பதல்ல இதன் அர்த்தம். கேமரா நாற்காலி வரிசையிலிருந்து சுமார் 4 மீட்டர் தள்ளி இருந்தது. பின்வரிசை இன்னும் 60 சென்டிமீட்டர் பின்னால். 4-ஐ 4.6-ஆல் வகுத்தால் 0.87. அதாவது பின்னால் நிற்பவர் தலை 13 விழுக்காடு சிறிதாகத் தெரிந்தால்தான் இயல்பு. 172-ஐ 0.87-ஆல் பெருக்கிப் பாருங்கள், தம்பியின் 150 வந்து நிற்கும். ஆகவே எந்த வரிசையில் நிறுத்தப் போகிறோமோ அந்த வரிசை ஆளைத்தான் அளவுகோலாக எடுக்க வேண்டும். ஒட்டுப் படங்களில் பாதி கோளாறு, எல்லாத் தலையையும் ஒரே அளவாக்கிவிடுவதில் வருகிறது. பின்வரிசை ஆட்கள் முன்னால் தாவி வந்ததுபோல் இருப்பார்கள்.

பாட்டிக்கு இந்தக் கண்–தாடை அளவு உதவவில்லை. பல் போன வாயில் தாடை மேலேறி முகமே குறுகிவிடுகிறது. அதை நம்பினால் தலையைத் தேவைக்கு மேல் பெரிதாக்கிவிடுவோம். அவர் நேராகப் பார்க்கும் படம் என்பதால் இரண்டு கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரத்தை எடுத்துக்கொண்டேன். பெரியவர்களுக்கு இது ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது, 6 சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். முன்வரிசை அம்மாவுக்கு 91 பிக்சல். பாஸ்போர்ட் படத்தில் மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லாததால் பாட்டியைப் பின்வரிசையில், அம்மா தோளுக்குப் பின்னால்தான் நிறுத்த முடியும். அதனால் 91-ஐ 0.87-ஆல் பெருக்கி 79. பழைய படத்தை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்ததில் கண்மணி தூரம் 200 பிக்சல் இருந்தது. 39.5 விழுக்காடு. உயரத்தையும் பார்க்க வேண்டும்: பாட்டி தலை பேரன் தோளுயரத்துக்கு மேல் போனால் அளவு சரியாக இருந்தும் பொய்யாகத் தெரியும்.

இரண்டு படமுமே சுருங்கின என்பதைக் கவனியுங்கள். ஒட்ட வேண்டிய முகம் எப்போதும் பெரிதாக இருந்து சுருங்க வேண்டும். 100 விழுக்காட்டுக்கு மேல் இழுத்தால் முகம் மங்கிப்போகும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த கூட்டப் படத்திலிருந்து ஒரு தலையை உருவும்போது இதுதான் நடக்கிறது. மூல ஃபைலை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். செல்ஃபி தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 12 அங்குலத்தில் எடுத்த முகத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அந்த மூக்கு சுருங்காது.

தலையை மட்டும் வெட்டி வேறு உடம்பில் வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கழுத்தின் கனமும் சட்டைக் காலரின் சாய்வும் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனை இடுப்பு வரை அப்படியே எடுத்து, மாஸ்க் போட்டு, அப்பாவின் தலைக்கும் தோளுக்கும் பின்னால் மறைத்தேன். மறைந்த இடத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி நிறம். எடுத்தவுடன் நிறத்தில் கைவைக்கக் கூடாது, வெளிச்சம்தான் முதலில். லேயர்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Black & White அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டுப் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தால், அண்ணன் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார் என்பது பளிச்சென்று தெரியும். அவர் தலைமுடி மற்றவர்கள் முடியைவிடக் கறுத்திருந்தது. கூடவே மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் படத்தை இடவலமாகத் திருப்பிவிடு என்பார்கள். ஆண்களுக்கு ஓரளவு ஓடும். சட்டைப் பொத்தான் பக்கம் மாறுவதை மறைத்துக்கொள்ளலாம். பெண்களைத் திருப்பினால் முந்தானை வலது தோளுக்கும் மூக்குத்தி அடுத்த பக்கத்துக்கும் போய்விடும், கட்டிய புருஷன் கண்டுபிடித்துவிடுவார். இவர்களுக்கு நல்லவேளையாக நிழல் ஒரே பக்கம்.

நிறத்தைப் பொருத்த ஒருவர் கன்னத்தை இன்னொருவர் கன்னத்தோடு ஒப்பிடாதீர்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களும் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஒப்பிட்டால் கறுப்பான அண்ணன் மாநிறமாகிவிடுவார். சில ஸ்டூடியோக்கள் இதைச் சேவையாகவே செய்கின்றன, எனக்கு அதில் கோபம் உண்டு. ஒப்பிட வேண்டியது இரண்டு படத்திலும் இருக்கும் வெள்ளைப் பொருளை. வெள்ளைச் சட்டையை நம்பலாம் என்றால், சொட்டு நீலம் போட்டு வெளுத்த துணி தன்னிலேயே நீலம். நெற்றி விபூதிதான் எனக்குக் கிடைத்ததில் நல்ல அளவுகோல். திட்டாகப் பூசியிருக்க வேண்டும், வெயில் பட்டு வெளிறிப்போகாமலும் இருக்க வேண்டும்.

தம்பி விபூதிமேல் Eyedropper வைத்தபோது சிவப்பு 214, பச்சை 206, நீலம் 188. வெயில் மஞ்சள் இதில் தெரிகிறது. அண்ணன் விபூதியில் 201, 208, 219. பால்கனி நிழலின் நீலம். அண்ணன் லேயருக்கு மேலே Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றை வைத்து, அது அவரை மட்டும் பாதிக்கும்படி கிளிப் செய்தேன். Red கோட்டில் 201 இருந்த இடத்தை 214-க்கு ஏற்றினேன். Green-இல் 208-ஐ 206-க்கும், Blue-இல் 219-ஐ 188-க்கும் இறக்கினேன். இதோடு நிறுத்தினால் முகம் சரியாகி, முடி மட்டும் தப்பாக நிற்கும். ஆகவே இருட்டிலும் ஒரு புள்ளி வேண்டும். தம்பி முடியில் 34, 29, 25. அண்ணன் முடியில் 17, 18, 22. அந்தந்தக் கோட்டின் அடியில் இந்தப் புள்ளிகளையும் வைத்ததும் அண்ணன் பால்கனியிலிருந்து முற்றத்துக்கு வந்துவிட்டார். தோலுக்கென்று தனியாக எதையும் தொடவில்லை. அவர் நிறம் அவருக்கே இருந்தது.

ஃபோட்டோபீ இந்த இடத்தில் நன்றாகவே உழைக்கிறது. கோடுகளை எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து திருத்தலாம், மூலப் படம் கெடுவதில்லை. Open & Place வழியாக வந்த படம் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக நிற்பதால் சுருக்கி மறுபடி பெரிதாக்கினாலும் மங்குவதில்லை.

பாட்டிக்கு வண்ணம் போடுவதுதான் உதைத்தது. மங்கிய படம் என்பதால் முதலில் Curves-இல் கறுப்பை இறக்கி, பிறகு Color முறையில் ஒரு லேயர் வைத்து, அம்மாவின் கன்னத்திலிருந்து நிறம் எடுத்துப் பூசினேன். ஒரே நிறத்தை முகம் முழுவதும் பூசினால் களிமண் முகம். உதடு, காது மடல், மூக்கு நுனி இவற்றில் சிவப்பைக் கூட்டி, கண் வெள்ளையிலும் நரையிலும் நிறத்தைத் துடைத்த பிறகு ஏதோ உயிர் வந்தது. என்னைக் கேட்டால், ஒரு முகம் கறுப்பு வெள்ளையாக இருந்தால் படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதே மேல். நிறப் பொருத்தம் என்ற பிரச்சினையே ஒழிந்துபோகும். அறுபதாம் கல்யாணப் பட்டுப்புடவை தெரியாதே என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியாக, கூர்மை. சுருங்கிய முகங்கள் சுற்றியுள்ளவர்களைவிடத் துல்லியமாகிவிடும். 100 விழுக்காடு ஜூமில் பார்த்து, அண்ணனுக்கு அரை பிக்சல் Gaussian Blur-உம் Add Noise-இல் மிகக் கொஞ்சம் பொடியும் கொடுத்தேன். நிறம் சரியாகும்வரை இதைத் தொடக் கூடாது. பின்னால் இழுக்கும் Curves அந்தப் பொடியைத் தூக்கிக் காட்டிவிடும்.

குறைகள் உண்டு. வலது ஓரத்தை விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. சின்னத் திரை லேப்டாப்பில் அது பெரிய இழப்பு. நாலைந்து பெரிய ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் சேர்ந்தால் 4 ஜிபி கணினி திணறுகிறது. தாவலை மூடினால் வேலை போயிற்று, அடிக்கடி Save as PSD கொடுக்க வேண்டும். போனிலும் திறக்கிறது என்றாலும் விரலால் Curves புள்ளி வைப்பது வம்பு. ஒரு பைசா செலவில்லாமல் இந்த வேலையை முடிக்க நினைக்கும் வீட்டுக்காரருக்கு இது போதும். தினம் பத்துப் படம் செய்யும் ஸ்டூடியோவுக்குப் போதாது.

பிரேம் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. 12க்கு 18 அங்குலத்தில் போடப் போகும் 4000 பிக்சல் படத்தை முழுதாக 4க்கு 6-இல் பார்த்தால் ஒட்டு தெரியாது. முகங்கள் இருக்கும் இடத்தை மட்டும் 1333க்கு 889 பிக்சலாக வெட்டி 4க்கு 6 பிரிண்ட் எடுங்கள், பிரேமில் வரப்போகும் அதே அளவு முகங்கள் கைக்கு வரும். லேபில் கொடுக்கும்போது கலர் கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் மெஷின் வெயில் மஞ்சளை எடுக்கிறேன் என்று எல்லோரையும் வெளுத்துவிடும்.