மங்கிய கடிதமும் பிந்தும் வினைமுற்றும்: வரிவரியாகப் படித்தறியும் சிறுகதையின் அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

தாத்தாவின் மங்கிப்போன கடிதங்களைப் பேத்தி ஒருத்தி நாளுக்கு ஒரு வரியாகப் படித்தறிவது சிறுகதைக்குரிய கருவாகும். அந்தத் தாமதம் கதையாசிரியர் செய்தியை மறைத்துவைப்பதால் உண்டாகிறதா, கடிதத்தின் இயல்பிலிருந்தே உண்டாகிறதா என்பதே இக்கருவின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. தமிழ்த் தொடரமைப்பும் கடிதம் வாசிக்கப்பட்ட சமூகச் சூழலும் இத்தாமதத்திற்கு எவ்வாறு காரணமாகின்றன என்பதை, ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியை நிலைக்களனாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கடிதம், சிறுகதை, தொடரமைப்பு, எழுத்துச் சீர்திருத்தம், ஒரகடம், நிலம்.

முன்னுரை

கடிதத்தைப் புனைகதையின் உறுப்பாகக் கொள்வது தமிழுக்குப் புதிதன்று. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ (1921) கடிதங்களாலேயே ஆன நாவல். அத்தகைய நாவலில் கடிதம் முழுமையாக வாசகர் கைக்கு வருகிறது. எழுதியவர் சொல்ல நினைத்த வரிசையிலேயே வாசகர் அறிகிறார். பேத்தி படிக்கும் மங்கிய கடிதம் இதற்கு நேர்மாறானது. இங்கே எழுதுபவர் இல்லை, எழுதப்பட்ட காலமும் இல்லை. எஞ்சியிருப்பது சிதைந்த தாள் ஒன்றே. கதையின் நிகழ்வு கடிதம் எழுதப்பட்டது அன்று. அது படிக்கப்படுவதுதான் நிகழ்வு. எனவே இவ்வகைக் கதையை மதிப்பிடும்போது, ‘கடிதத்தில் என்ன இருந்தது’ என்பதற்கு முன்பாக ‘அது ஏன் உடனே படிக்க இயலாததாயிற்று’ என்ற வினாவை எழுப்ப வேண்டியுள்ளது.

யாருடைய கடிதம்?

‘தாத்தாவின் கடிதங்கள்’ என்ற தொடரின் ஆறாம் வேற்றுமை இரு பொருள் தரும். தாத்தா எழுதியவை என்றும் கொள்ளலாம். தாத்தாவுக்கு வந்தவை என்றும் கொள்ளலாம். அஞ்சலில் சேர்த்த கடிதம் பெறுநரிடம் போய்விடும். ஆகவே தாத்தா எழுதியவை அவருடைய வீட்டுப் பெட்டியிலேயே கிடைக்கின்றன என்றால் அதற்குக் காரணம் வேண்டும். அவர் வெளியூரில் வேலை பார்த்துப் பாட்டிக்கு எழுதியிருக்கலாம், அனுப்பாமல் விட்டிருக்கலாம், திரும்பி வந்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்பது முடிவாகாத கதை, தொடக்கத்திலேயே நம்பகத்தை இழக்கிறது.

பாட்டிக்கு எழுதியவை என்று கொண்டால் மற்றொரு செய்தி எழுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு வந்த கடிதத்தை அஞ்சற்காரரோ, பள்ளி ஆசிரியரோ, அண்டை வீட்டுப் பிள்ளையோதான் படித்துக் காட்டினர். புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, அவரும் எழுத்தாளராக இருந்தவருக்கு, எழுதப்பட்டவை. அவற்றில் தனிமொழிக்கு இடமுண்டு. பிறர் வாய்வழியே கேட்கப்படும் கடிதத்தில் அதற்கு இடமில்லை. நலம் விசாரிப்பு, ‘நிற்க’ என்ற திருப்பம், பணம் அனுப்பிய விவரம், பெரியவர்களுக்கு வணக்கம் என்று அது நடக்கும். ஊரே கேட்கக்கூடிய தாளில் இரகசியத்தை எவரும் எழுதமாட்டார். ஆதலால், கடைசி வரியில் குடும்ப இரகசியம் ஒன்று வெளிப்படுவதாக முடியும் கதை, தான் எடுத்துக்கொண்ட கடித வகைக்கே முரணானது. இத்தகைய கடிதத்தில் பேத்தி தேடக்கூடியது மறைக்கப்பட்ட செய்தியை அன்று. எல்லார் காதிலும் விழுமாறு எழுதிய ஒருவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையே.

படிக்க இயலாமையின் காரணங்கள்

பழைய எழுத்து முறையையே தடையாகக் காட்டுவது எளிய வழி. ஆனால் காலக்கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. இன்று இருபத்தைந்து வயதுள்ள பெண்ணின் தாத்தா பெரும்பாலும் 1940ஐ ஒட்டிப் பிறந்தவராக இருப்பார். அவர் பள்ளியில் புள்ளியிட்டு எழுதக் கற்றவர். ஏட்டுச் சுவடியைப் போலப் புள்ளியின்றி, எகர ஏகார வேறுபாடின்றி அவர் எழுதியதாகக் காட்டினால் அது காலமுரண். 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முந்தைய ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் கூட்டு வடிவங்கள் அவர் கையெழுத்தில் இருக்கும் என்பது உண்மை. எனினும் மாற்றப்பட்டவை சில எழுத்துகளே. பழைய நூல் ஒன்றைப் புரட்டினால் ஒரே நாளில் பழகிவிடலாம். ‘வில்லை’ என்பதன் இறுதியில் உள்ள துதிக்கை வடிவம் மங்கி ‘வில்ல’ என்று தோன்றினாலும் சொல் விளங்கவே செய்கிறது.

உண்மையான தடைகள் மையும் மடிப்புமே. பேனாவில் ஊற்றிய நீல மை ஈரம் பட்டால் கரையும், வெளிச்சத்தில் வெளிறும். உள்நாட்டுக் கடிதத்தாள் மடிப்புகளில் தேய்ந்து, ஒட்டிய ஓரங்களில் கிழிந்து, வரிகளின் முனைகளை இழக்கிறது. குண்டுமுனைப் பேனா என்றால் மை போனாலும் அழுத்தத் தடம் எஞ்சும். தாளைச் சாய்த்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் அது தெரியும். தொழிற்சாலையில் பாகங்களின் மேற்பரப்புக் கீறலைச் சோதிக்கும் பெண் இந்த உத்தியை எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. ஒரகடம் என்ற களம் கதைக்குள் செயற்படக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று. ‘இயந்திரத்தைப் படிப்பவள் இதயத்தைப் படித்தாள்’ என்ற உவமையாக அதை மாற்றினால் அந்தப் பயன் கெட்டுவிடும்.

வரியின் முடிவும் தொடரின் முடிவும்

வரிவரியாகப் படிப்பதன் தாமதத்திற்கு மிக ஆழமான காரணம் தமிழ்த் தொடரமைப்பில் உள்ளது. செய்ததா செய்யாததா, எப்போது, யார் என்பவற்றை வினைமுற்றே உணர்த்துகிறது. அது தொடரின் கடைசியில் நிற்கிறது. பிறர் கூற்று முன்னே வந்து, அது பிறர் கூற்று என்பதைக் காட்டும் ‘என்று’ பின்னே வருகிறது. தாளின் ஓரமோ முதலில் சிதைவது. விளக்கத்திற்காக இக்கட்டுரைக்கென அமைத்துக்கொண்ட நான்கு வரிகளைக் காணலாம்:

மேட்டு நிலம் அரைக் காணியையும்
கொடுத்துவிடலாம், கையில் பணம் வரும்
என்று அண்ணன் சொன்னதற்கு நான் ஒன்றும்
சொல்ல……

முதல் வரியில் பேத்திக்கு அளவே தடையாகிறது. எண்வாய்பாட்டில் அரைக்காணி என்பது 1/160 என்னும் சிற்றெண். அகராதியை மட்டும் நம்பினால் துண்டு நிலம் ஒன்றைப் பற்றிய பேச்சாகத் தோன்றும். செங்கற்பட்டுப் பகுதி நில அளவையில் காணி என்பது 100 குழி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். அரைக் காணி 50 குழி, அதாவது ஏறத்தாழ 66 சென்ட். சிறு குடும்பத்திற்கு அது பெரிய நிலம்.

இரண்டாம் வரி முடிந்த நிலையில், நிலத்தைக் கொடுக்கலாம் என்றவர் தாத்தாதான் என்றே படித்தாக வேண்டும். பேத்தி அவ்வாறு படிப்பது பிழையன்று; அந்த வரி வரைக்கும் அதுவே சரியான வாசிப்பு. அடுத்த வார விடுமுறையில் மூன்றாம் வரி தெளிந்து ‘என்று அண்ணன்’ கிடைக்கும்போது கூற்று வேறொருவருடையதாகிறது. ஒரு வாரம் முழுவதும் அவள் தாத்தாவின்மேல் கொண்டிருந்த மனத்தாங்கல் ஆதாரமற்றதாகிறது. ஆசிரியர் எதையும் மறைக்கவில்லை. தமிழ்த் தொடரே அவளைக் காக்க வைத்தது. வாசகரும் அவளோடு சேர்ந்து ஏமாந்தவரே.

நான்காம் வரி இன்னும் நுட்பமானது. வினை அழிந்துவிட்டது. ஆயினும் எதை வேண்டுமானாலும் இட்டு நிரப்ப முடியாது. இவ்விடத்தில் ‘ஒன்றும்’ எதிர்மறையையே அவாவி நிற்கிறது. ஆகவே ‘சொன்னேன்’ என்பதற்கு இடமில்லை. எஞ்சுபவை மூன்று: சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை, சொல்லமாட்டேன். முதலாவது மௌனம், இரண்டாவது இயலாமை, மூன்றாவது உறுதி. இடைவெளியை அளந்து பார்க்கலாம். அந்தக் கையெழுத்தில் மூன்று எழுத்துக்கான இடமே உள்ளதென்றால் ‘முடியவில்லை’ பொருந்தாது. ‘மு’வின் கீழ்வளைவோ ‘டே’யின் கொம்போ துளியளவு எஞ்சியிருந்தால் ஐயம் தீரும். ஆனால் ஓரத்தை எட்டும்போது எழுத்தை நெருக்கி எழுதுவதும், மீதியைப் பக்கவாட்டில் ஏற்றுவதும் கடிதம் எழுதுவோர் வழக்கம். எனவே அளவு ஒரு சான்றேயன்றி முடிபன்று.

கதை நிற்க வேண்டிய இடம் இதுவே. எதிர்மறை உறுதி, எத்தகைய எதிர்மறை என்பது உறுதியன்று. ‘என்னவும் இருக்கலாம்’ என்ற தளர்ந்த முடிவும் இது அன்று, அழிந்த சொல்லைக் கனவிலோ பாட்டியின் நினைவிலோ திடீரெனக் கிடைக்கச் செய்யும் முடிவும் அன்று. மூன்றில் ஒன்று என்ற எல்லைக்குள் பேத்தி தன் தாத்தாவை வைத்துப் பார்க்கிறாள்.

களமும் தீர்ப்பும்

ஒரகடத்தில் இக்கதை நிகழும்போது வாசகருக்குத் தெரிந்த ஒன்று கடிதம் எழுதியவருக்குத் தெரியாது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் – வடகால் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் எழுந்ததையும், 1990களின் பிற்பகுதியிலிருந்து மகிழுந்து ஆலைகள் வந்ததையும், நிலவிலை மாறியதையும் வாசகர் அறிவார். 1970களில் மழையை நம்பிய மேட்டு நிலம் ஒன்றைக் கொடுப்பதா என்று யோசித்த குடும்பத்துக்கு அது தெரியாது. இன்றைய சதுர அடி விலையைப் பெருக்கிப் பார்த்துத் தாத்தாவின் மௌனத்தைப் பிழையென்று தீர்ப்பது கதைக்கு எளிதாகக் கிடைக்கும் இரக்கம். அதுவே அதன் வீழ்ச்சியும் ஆகும்.

பேத்தி யார் என்பதும் இங்கே முடிவாக வேண்டும். இப்பகுதி மின்னணு ஆலைகளில் வேலைசெய்யும் பெண்களுள் பலர் வேறு மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். அத்தகையவளுக்கு மேட்டு நிலம் வேறெங்கோ உள்ளது. அதை இழந்ததால்தான் அவள் இங்கு வந்தாளா என்பது அவளுடைய வினா. உள்ளூர்ப் பெண்ணுக்கோ அந்த நிலம் தினமும் பேருந்தில் கடக்கும் மதிலுக்குள் இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கதைகள். இரண்டையும் கலந்து, அவள் வேலைசெய்யும் ஆலையே தாத்தாவின் நிலத்தில் நிற்கிறது என்று முடிச்சிட்டால், நான்காம் வரி அரிதில் காத்த ஐயத்தைத் தற்செயல் நிகழ்வொன்று விழுங்கிவிடும்.

முடிவுரை

மங்கிய கடிதத்தை வரிவரியாகப் படிக்கும் சிறுகதையில் தாமதம் அலங்காரமன்று. அது கடிதத்திலிருந்தே பிறக்க வேண்டும். மையும் மடிப்பும் எழுத்தை மறைக்கின்றன; தொடரமைப்பு பொருளைத் தள்ளிவைக்கிறது; கேட்பதற்கென எழுதப்பட்ட கடிதத்தின் மரபு உள்ளத்தை ஒதுக்கிவைக்கிறது. இம்மூன்றையும் மதிக்கும் கதையில் தவறான வாசிப்பு நியாயமானதாகவும், அதைத் திருத்திக்கொள்வது பேத்தியின் வளர்ச்சியாகவும் அமைகிறது. தாத்தா ஒன்றும் சொல்லவில்லையா, சொல்ல இயலவில்லையா, சொல்ல மறுத்தாரா என்பதைத் தாள் சொல்லாது. முதல் வாரத்தில் அவசரமாக ஒரு தீர்ப்பை எழுதிவிட்ட பேத்தி, நான்காம் வரியில் அதை எழுதாமல் நிறுத்துவாளாயின் கதை முடிந்துவிடுகிறது.