கதவைத் தட்டாத கணம்

சொந்த இழப்பை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். சிலர் அழுது தீர்க்கிறார்கள். சிலர் ஆறுதல் சொல்லி முடித்துவிடுகிறார்கள். முதல் வகை எழுத்து வாசகரைக் களைப்படைய வைக்கிறது. இரண்டாவதை அவர் நம்புவதில்லை. இந்த இரண்டிலும் சிக்காமல் ஒரு புத்தகம் முழுக்க நடந்து காட்டியவர் சோனாலி தெரணியகல. கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, லண்டனில் வாழ்ந்த பொருளாதார அறிஞர். 2004 டிசம்பர் 26 அன்று யால கடற்கரையில் கணவர் ஸ்டீவ், மகன்கள் விக்ரம், மல்லி, தன் தாய், தந்தை என ஐவரையும் ஆழிப்பேரலையில் பறிகொடுத்தார். மனநல மருத்துவர் ஒருவரின் தூண்டுதலில் தனக்காக எழுதத் தொடங்கியது, 2013இல் ‘வேவ்’ என்ற ஆங்கில நூலாக வந்தது.

அந்த நூலில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அலை அல்ல, ஒரு கதவு. விடுதி அறையிலிருந்து கடல் உள்ளே வருவதைப் பார்த்ததும் அவரும் ஸ்டீவும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். வழியில் பெற்றோரின் அறை. அவர் நிற்கவில்லை, கதவைத் தட்டவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஓட்டத்தைத் தொடர்கிறார். ‘ஐயோ, தட்டியிருக்கலாமே’ என்று அங்கே அவர் கதறியிருந்தால், அவரைத் தேற்றுகிற வேலை வாசகர் தலையில் விழுந்திருக்கும். ‘யாராயிருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள்’ என்று நியாயம் சொல்லியிருந்தால், அது வழக்காடுவதாகியிருக்கும். இரண்டும் இல்லை. நடந்தது நடந்தபடி நிற்கிறது. தீர்ப்பு சொல்லவோ மன்னிக்கவோ யாரும் நம்மைக் கேட்காததால்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடிகிறது.

நேர்மை என்பது தன் கண்ணீரைக் காட்டுவதல்ல, தன் அவலட்சணத்தைக் காட்டுவது என்பது இந்த நூலில் இன்னோர் இடத்தில் விளங்குகிறது. பெற்றோரின் கொழும்பு வீட்டை அவருடைய சகோதரர் ஒரு டச்சுக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுகிறார். சோனாலி இரவுகளில் அங்கே போய் வாசல் கேட்டைத் தட்டுகிறார், மணியை அடிக்கிறார், தொலைபேசியில் தொல்லை கொடுக்கிறார். அந்தக் குடும்பம் எந்தத் தவறும் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும். துயரம் மனிதரைப் புனிதராக்கும் என்ற பொய்யை இந்தப் பகுதி உடைத்துவிடுகிறது. கூடவே ஒரு விநோதமும் நடக்கிறது. படிக்கும்போது லேசாகச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பில்தான் வாசகர் மூச்சு விட்டுக்கொள்கிறார்.

தாங்க முடிகிற எழுத்தின் இன்னொரு சூட்சுமம் அளவு. அலை முதல் பகுதியிலேயே வந்து போய்விடுகிறது. மீதி நூல் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு. முதலில் அவர் பிள்ளைகளை நினைக்கவே மறுக்கிறார். நாமும் அவர்களைச் சரியாகப் பார்ப்பதில்லை. கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்த லண்டன் வீட்டுக்குள் அவர் நுழையக் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகுதான் பறவைகள்மேல், அதிலும் கடற்கழுகுகள்மேல், விக்ரமுக்கு இருந்த பித்தும், மல்லியின் வேடம்போடும் விளையாட்டும், ஸ்டீவின் சமையலும் பக்கங்களை நிறைக்கின்றன. வழக்கமாக ஆசிரியர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: பிரியமானவரை முதலில் காட்டி, நம்மை அவர்மேல் ஆசைவைக்கச் செய்து, பிறகு கொல்வார்கள். சோனாலி சாவை முதலில் சொல்லிவிட்டு, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிரோடு கொண்டுவருகிறார். அதனால் புத்தகம் போகப்போக வலி கூடுகிறது, ஆனால் வெளிச்சமும் கூடுகிறது.

இழப்பை எழுத நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ‘அப்பா போனதும் என் உலகமே இருண்டது’ என்று எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு அன்று கண்ணில் பட்ட ஒன்றை எழுதுங்கள்: ‘மாத்திரை டப்பாவில் வியாழக்கிழமைக் கட்டம் காலியாகவில்லை.’ முதல் வாக்கியம் எந்த வீட்டுக்கும் பொருந்தும்; இரண்டாவது அந்த வீட்டுக்கு மட்டும். அதன்பின் அந்த டப்பாவுக்கு விளக்கம் எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள்.

எல்லாப் பொருளும் இப்படிப் பேசிவிடாது. மருத்துவமனை ரசீதுகளையும் பரிசோதனை அறிக்கைகளையும் வரிசையாக அடுக்கினால் அது நோயாளியின் கோப்பாகிவிடும். அந்தப் பொருளைத் தொட்ட ஆள் தெரிகிறாரா என்பதே உரைகல்.

‘வேவ்’ ஆறுதல் தருகிற புத்தகம் அல்ல. காலம் ஆற்றும் என்று அது எங்கும் சொல்வதில்லை. படித்து முடித்த பிறகு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அலை இல்லை, பறவை பார்க்கிற அந்தப் பையன்தான். இழப்பை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.