மதுரையில் ஒரு செங்கோல்

தேவி வழிபாட்டின் கதைகளை ஆராயப் புகுவோர்க்கு முதலில் எழும் வினா, அம்பிகையிடம் விளங்கும் சக்தி அவளுக்கே உரியதா, பிறர் அளித்ததா என்பதே. மார்க்கண்டேய புராணத்தின் பகுதியாகிய தேவி மாகாத்மியம் இரண்டு விடைகளையும் தன்னகத்தே கொண்டிருக்கிறது. மகிஷாசுரனிடம் தோற்ற தேவர்களின் தேஜஸ் ஒன்றுதிரண்டு பெண்ணுருவாயிற்று என்றும், சிவன் சூலத்தையும் திருமால் சக்கரத்தையும் இமவான் சிங்கத்தையும் அவளுக்கு வழங்கினர் என்றும் முதலில் உரைக்கும் அந்நூல், பின்னர் பிறர் பலத்தால் போரிடுகிறாள் என்று சும்பன் எள்ளியபோது, உடன்நின்ற சக்திகள் யாவும் தன் வடிவங்களே என்று கூறி அவற்றைத் தன்னுள் ஒடுக்கிக்கொண்டு அவள் தனித்து நின்றதாகச் சொல்கிறது.

இதே வினாவுக்கு மதுரை வேறொரு வகையில் விடை தருகிறது. மகப்பேறு வேண்டி மலயத்துவச பாண்டியன் செய்த வேள்வித் தீயினின்று மூன்று தனங்களுடன் ஒரு பெண்மகவு தோன்றிற்றென்றும், ஆண்மகனுக்குரிய கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்று முடிசூடிய அத்தடாதகை என்னும் மீனாட்சி, திக்விஜயம் செய்து கயிலைவரை சென்று, சிவபெருமானைக் கண்ட கணத்தில் ஒரு தனம் மறைய நாணித் தலைகுனிந்தாளென்றும் திருவிளையாடற் புராணம் கூறும். மணம் முடிந்ததும் அரசு சுந்தர பாண்டியனாக வந்த கணவரைச் சேர்கிறது. வெற்றிகொண்ட பெண்ணை மணமகளாக்கி அமைதி காணும் கதை என்று இதனைக் கொள்வதில் தவறில்லை.

ஆனால் சடங்கு புராணத்தை அப்படியே பின்பற்றவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை, அம்மன் சந்நிதி ஆறுகால் பீடத்தில் மீனாட்சிக்கு ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியரின் அடையாள மலராகிய வேம்பின் பூமாலை அணிவித்து, செங்கோலைக் கையில் அளிக்கின்றனர். மறுநாள் திக்விஜயம், அதற்கடுத்த நாள் திருக்கல்யாணம். மணம் முடிந்த பின்னும் செங்கோல் கைமாறுவதில்லை. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம் நிகழும்வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆட்சி அம்மனுடையதே. எஞ்சிய எட்டு மாதங்கள் சுவாமியுடையவை. ஆயினும் கோயிலுக்குச் செல்வோர் என்றும் முதலில் வணங்குவது அம்மனைத்தான்.

அம்மன் அரசியாயிருப்பதால் மதுரைப் பெண்டிர் அரசியராயினர் என்று எண்ணுவது பேதைமை. பட்டாபிஷேக நாளில் அம்மனின் செங்கோலைப் பெற்றுப் பிராகாரத்தை வலம்வந்து மீண்டும் அவளிடமே சேர்ப்பவர் இந்நாளில் கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவர் ஆவார். 2024-ஆம் ஆண்டு அப்பதவியில் ஒரு பெண்மணி இருந்தபோது, கணவரை இழந்தவர் செங்கோலைப் பெறலாகாதென்று உயர்நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கல் செய்யப்பட்டது; நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துத் தள்ளுபடி செய்தது.